பெட்டியின் பூச்சியம்

செங்கற்பட்டு மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில், மறைமலைநகரின் வீதிகளானாலும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரைக் கிராமங்களானாலும், உடற்கல்வி ஆசிரியரின் அறையைத் திறந்து பார்ப்பவர் கண்ணில், பந்துகள் அடைத்த வலைப்பைக்கும் உயரம் தாண்டும் கம்பங்களுக்கும் நடுவே, மேற்பலகை ஒருபுறம் நீண்டு, அதன்மேல் சென்டிமீட்டர்க் கோடுகள் இடப்பட்ட ஒரு மரப்பெட்டி தென்படக்கூடும். மாணாக்கன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கால்களைப் பெட்டியின் முகப்பில் பதித்து, முழங்கால் மடங்காமல் முன்னே குனிந்து, விரல் நுனி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளப்பதற்கான கருவி அது. ‘சிட் அண்ட் ரீச்’ என்ற பெயரிலேயே ஆசிரியர்களும் பிள்ளைகளும் அதை வழங்குகிறார்கள். ஒன்பது வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக இந்திய விளையாட்டு ஆணையம் வகுத்த கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில், ஐம்பது மீட்டர் ஓட்டத்தோடும் அறுநூறு மீட்டர் ஓட்டத்தோடும் சேர்த்து இதுவும் ஓர் அங்கமாக வைக்கப்பட்டிருப்பதால், இன்று இந்தப் பெட்டி நாடெங்கும் பரவிவிட்டது. மத்திய கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்விப் பாடத்திலும் அதற்கு இடம் உண்டு.

பார்வைக்கு இதைக் காட்டிலும் எளிய பரிசோதனை வேறில்லை. ஆனால் பெட்டி தரும் எண்ணை வாசிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே பிள்ளை, ஒரே நாளில், ஒரே அளவு குனிந்து, ஒரு பெட்டியில் 25 என்றும் மற்றொரு பெட்டியில் 17 என்றும் வேறொரு குறிப்பேட்டில் 2 என்றும் பதிவாக முடியும். இம்மூன்றிலும் பிழை ஏதுமில்லை. பூச்சியம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் வேறுபாடு. தரையில் நின்றானா திண்ணையில் ஏறி நின்றானா என்று விசாரிக்காமல் ஒருவனுடைய உயரத்தை ஏட்டில் எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் அதிக பேதமில்லை.

கேலோ இந்தியாவின் விதிமுறை இந்த இடத்தில் மிகக் கண்டிப்பானது. பெட்டியின் பக்கங்கள் பன்னிரண்டு அங்குலச் சதுரம், மேற்பலகையின் நீளம் இருபத்தோர் அங்குலம், பாதம் பதியும் செங்குத்துத் தளம் சரியாக 23 சென்டிமீட்டர்க் கோட்டில் அமைய வேண்டும் என்பது நியதி. இந்த 23 எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும் மாணாக்கன் விடையைப் பெட்டியிலேயே கண்டுகொள்ளலாம். இருபத்தொன்றில் பன்னிரண்டு போக மிஞ்சும் ஒன்பது அங்குலம், பாதத்தைத் தாண்டி உட்கார்ந்திருப்பவனை நோக்கி நீண்டு நிற்கிறது. அதைச் சென்டிமீட்டராக்கினால் ஏறத்தாழ 23. அமெரிக்கப் பள்ளிகளில் வழங்கும் ஃபிட்னெஸ்கிராம் சோதனையும் இதே ஒன்பது அங்குலத்தைத்தான் கொள்கிறது. ஐரோப்பியப் பள்ளிகளுக்கென்று வகுக்கப்பட்ட யூரோஃபிட் பெட்டியிலோ பலகை 15 சென்டிமீட்டர் மட்டுமே முன்னால் நீளுகிறது; கனடாவின் பழைய சோதனை முறையில் பாதத்தின் இடம் 26.

பலகையை ஏன் அப்படி முன்னால் நீட்ட வேண்டும்? தன் கால்விரலைத் தொட முடியாத பிள்ளைகள் எப்போதும் வகுப்பில் பலர் இருப்பார்கள் அல்லவா? பாதத்திலேயே பூச்சியத்தை வைத்தால் அவர்களுக்குக் கை வைப்பதற்குப் பலகையே இராது. பலகை முன்னே நீண்டிருப்பதால் பாதத்துக்கு இருபது சென்டிமீட்டர் இப்பால் நின்றுவிடும் கைக்கும் ஓர் எண் கிடைக்கிறது. யூரோஃபிட் பெட்டியில் அந்தப் பிள்ளையின் விரல் பலகையின் விளிம்பைக்கூடத் தொடாது. அவன் எவ்வளவு இறுக்கமானவன் என்பதை அறியும் வழி அங்கே அடைபட்டுப் போகிறது.

இனி ஓர் உதாரணம். ஒரு சிறுமி ஜூலை மாதத்தில் 23 கோட்டுப் பெட்டியில் 25 எட்டினாள் என்றும், தகப்பனார் வேலை மாறியதால் வேறு பள்ளியில் சேர்ந்து, ஜனவரியில் 15 கோட்டுப் பெட்டியில் 19 எட்டினாள் என்றும் கொள்வோம். ஏட்டைப் புரட்டுகிறவர், பிள்ளை ஆறு சென்டிமீட்டர் பின்தங்கிவிட்டாள் என்று வருந்துவார். பாதத்திலிருந்து கணக்கிட்டால், அப்போது பாதத்துக்கு அப்பால் 2, இப்போது 4; அவள் முன்னேறியிருக்கிறாள். ஆகையால் எண்ணைப் பாதத்திலிருந்து, அப்பால் சென்றால் கூட்டற் குறியும் இப்பால் நின்றால் கழித்தற் குறியும் இட்டு எழுதுவதே உத்தமம். கேலோ இந்தியாவின் குறிப்பும், பெட்டியில் 23 என்று கோடிடச் சொன்ன அதே பக்கத்தில், கால்விரலைத் தாண்டிய தூரத்தையும் தாண்டாத தூரத்தையும்தான் பதியச் சொல்கிறது. இவ்விரு வாக்கியங்களுக்கும் நடுவே 23-ஐக் கழிக்கும் ஒரு படி இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே பள்ளியில் ஓர் ஆசிரியர் கழித்தும் மற்றவர் கழிக்காமலும் எழுதிவிட்டால், பிறகு எந்தப் புள்ளிவிவர சாஸ்திரமும் அந்த ஏட்டைக் காப்பாற்றாது.

ஆகவே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முதற்பாடம் குனிவதன்று, பெட்டியைச் சோதிப்பது. உள்ளூர்த் தச்சர் செய்து தந்த பெட்டியில் ஒட்டியிருக்கும் நாடா வெயிலில் சுருங்கி இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கலாம். பலகையின் மறுமுனையிலிருந்து எண்கள் தொடங்கியிருக்கவும் கூடும். மூலைமட்டம் ஒன்றைப் பாதம் பதியும் முகப்போடு ஒட்டி நிமிர்த்திப் பிடித்து, அது மேற்பலகையில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் பெட்டியின் மீதே பெரிதாக எழுதி வைத்துவிட வேண்டும். சோதனை நாளில் பெட்டி பின்னுக்கு நகராதபடி அதைச் சுவரோடு அணைத்து வைப்பதும் அவசியம்.

இப்பரிசோதனை பிறந்த வரலாறு அதிகப் பழமையானதன்று. காதரின் வெல்ஸ், ஈவ்லின் தில்லன் என்னும் இரு அமெரிக்க ஆசிரியைகள் 1952-ஆம் ஆண்டில் இதை முதுகு, கால் இரண்டின் நெகிழ்வையும் அளக்கும் சோதனை என்று வெளியிட்டார்கள். நின்றுகொண்டு குனிந்து தரையைத் தொடும் பழைய முறையில் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கும். உட்கார்ந்து செய்வதால் அந்த அச்சம் நீங்கிற்று. ஆனால் ‘முதுகு, கால்’ என்று அவர்கள் சேர்த்துச் சொன்னதில் முதுகைப் பற்றிய பாதி பிற்காலத்து ஆராய்ச்சிகளில் நிலைக்கவில்லை. ஜாக்சன், பேக்கர் என்போர் 1986-இல் பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள பெண்களைச் சோதித்தபோது, பெட்டி தரும் எண் தொடையின் பின்தசைகளின் நீட்சியோடு ஓரளவு ஒத்துப்போயிற்று. கீழ்முதுகின் அசைவோடு மிகச் சொற்பமாகவே ஒத்தது. பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் ஸ்பெயின் நாட்டார் செய்த மதிப்பீடும் இதையே உறுதி செய்தது. எனவே ‘உன் முதுகு இறுகியிருக்கிறது’ என்று பெட்டியைப் பார்த்து ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ‘உனக்கு முதுகுவலி வரும்’ என்று பயமுறுத்துவதற்கு அதனினும் இல்லை. அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் ஆரோக்கியத்தை நாடளாவக் கணிப்பதற்கென்று எந்த நெகிழ்வுச் சோதனையையும் பரிந்துரைக்காமல், பள்ளியில் கற்பிப்பதற்கு மட்டும் அதற்கு இடம் தந்தது.

அப்படியானால் அந்த எண்ணுக்குள் அடங்கியிருப்பது என்ன? விரல்நுனி முன்னே செல்வதற்குச் சரீரத்தின் நான்கு இடங்கள் தத்தம் பங்கைத் தருகின்றன. இடுப்புக்கூடு தொடையெலும்பின்மேல் முன்னோக்கிச் சாய்வது முதலாவது. உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிற தொடையின் பின்தசைகள் நீண்டு கொடுத்தால்தான் இது நடக்கும். முதுகெலும்பு வளைவது இரண்டாவது. தோள்பட்டை எலும்புகள் விலாவின்மீது வழுக்கி முன்னே வருவது மூன்றாவது. இது மட்டுமே சில சென்டிமீட்டர்களைச் சேர்த்துவிடும். நான்காவதாக நிற்பது அசைவே அன்று: கையின் நீளமும் உடம்பின் நீளமும், அவற்றுக்கு எதிரே காலின் நீளமும். நல்ல ஆசிரியர் பிள்ளை குனியும்போது விரலைப் பார்ப்பதற்கு முன் இடுப்பைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பார். இடுப்பின் பின்புறம் நிமிர்ந்து நின்றால் பின்தசைகள் இடம் கொடுக்கின்றன என்றும், இடுப்பு பின்னால் சரிந்து மேல்முதுகு மட்டும் கூனாக வளைந்து கையை முன்னே தள்ளினால் எண் நன்றாயிருந்தும் தசை இறுகியே இருக்கிறது என்றும் அவர் அறிவார். எண்ணுக்குப் பக்கத்தில் ‘இடுப்பு சாய்ந்தது’, ‘சாயவில்லை’ என்று ஒரு சொல் எழுதி வைப்பதற்கு ஒரு விநாடிதான் செலவாகும்.

கால் நீளத்தின் சூட்சுமத்தை மூன்று பையன்களை வைத்துக் காட்டலாம். இவர்கள் கற்பனைப் பையன்கள், எண்கள் விளக்கத்துக்கானவை. ஒன்பதாம் வகுப்பில் நெடுங்காலன் ஒருவனும் குறுங்காலன் ஒருவனும் 23 கோட்டுப் பெட்டியில் 25 எட்டுகிறார்கள். மற்றொரு நெடுங்காலன் 19-இல் நின்றுவிடுகிறான். ஃபிட்னெஸ்கிராம் பையன்களுக்கு வைத்திருக்கும் வரம்பு எட்டு அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். முதலிருவர் தேறினர், மூன்றாமவன் தவறினான். இப்போது ஹோகர் என்பவர் வகுத்த திருத்திய முறையைக் கையாள்வோம். பிள்ளையின் தலை, முதுகு, இடுப்பு மூன்றும் சுவரில் ஒட்டியிருக்க, கைமேல் கை வைத்து, தலையும் முதுகும் சுவரைவிட்டு விலகாமல் தோளை மட்டும் முன்தள்ளி நீட்டச் செய்து, அந்நிலையில் விரல் நுனிக்கும் பெட்டியின் முகப்புக்கும் உள்ள இடைவெளியை முதலில் அளந்துகொள்வது அம்முறை. முதல் நெடுங்காலனுக்கு அது 31, குறுங்காலனுக்கு 22, தவறிய பையனுக்கு 30 என்று இருக்கட்டும். முதல்வனின் விரல் உண்மையில் கடந்த தூரம் 31-உம் 2-உம் சேர்ந்து 33. குறுங்காலன் கடந்தது 24. தவறிய பையனோ பாதத்துக்கு 4 இப்பால் நின்றும் 26 கடந்திருக்கிறான். தேறிய குறுங்காலனைக் காட்டிலும் தவறியவன் அதிகமாக அசைந்திருக்கிறான்.

இதனால் திருத்திய முறையே மேலானது என்று முடிவு கட்டிவிடுவதும் அவசரம்தான். தொடையின் பின்தசைகளோடு ஒத்துப்போவதில் அது பழைய முறையை விஞ்சவில்லை என்பதே மேற்சொன்ன 2014-ஆம் ஆண்டு மதிப்பீட்டின் முடிவு. தசையை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் சக்தி எந்தப் பெட்டிக்கும் இல்லை. ஆனாலும் வகுப்பில் மிக நெடிய பிள்ளையையும் மிகக் குறிய பிள்ளையையும் ஒரே அட்டவணையால் தீர்ப்பதற்கு முன் அந்தச் சுவர் இடைவெளியை ஒரு முறை அளந்து பார்ப்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் இந்த நியாயம் மேலும் அவசியமாகிறது. வளர்ச்சி வேகம் பிடிக்கும் காலத்தில் கால்கள் முதலில் நீளுகின்றன. உடற்பகுதி பிற்பாடுதான் அவற்றைத் துரத்திப் பிடிக்கிறது. ஆறாம் வகுப்பில் கால்விரலை எளிதாகத் தொட்ட பையன் எட்டாம் வகுப்பில் தொட முடியாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பிறகு உடல் நீளும்போது எண் தானே ஏறிவிடுகிறது. பெண்பிள்ளைகளின் எண் எல்லா வயதிலும் பையன்களைவிடச் சராசரியில் உயர்ந்திருக்கும். ஆண்டுதோறும் உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் அளந்து எழுதிவரும் ஆசிரியருக்கு, இறங்கிய எண்ணைக் கண்டு பையனைச் சோம்பேறி என்று ஏசவேண்டிய அவசியம் நேராது.

இனிப் பரிசோதனை செய்யும் முறை. மறைமலைநகருக்குக் கிழக்கே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருப்பதால், ஆசிரியராகப் பயிலும் இளைஞர்கள் அளவுநாடாவும் ஏடுமாகப் பள்ளிகளுக்கு வருவது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அத்தகைய மாணாக்கருக்கு நான் முதலில் சொல்வது, ஒரு வகுப்பை இரண்டு நாள் சோதிக்க நேர்ந்தால் இரண்டு நாளும் ஒரே வேளையில் சோதிக்கவேண்டும் என்பது. காலையில் படுக்கையைவிட்டு எழுந்த சிறிது நேரத்தில் உடம்பு விறைப்பாகவும், பிற்பகலில் இளகியும் இருக்கும். முதல் மணியில் ஒரு வகுப்பையும், விளையாடி வேர்த்த மற்றொரு வகுப்பை மாலையிலும் அளந்து ஒப்பிடுவது வேளையை அளப்பதாகுமே தவிரப் பிள்ளைகளை அளப்பதாகாது. எல்லாருக்கும் ஒரே விதமான சில நிமிட நடையும் மெதுவான நீட்டலும் முதலில் கொடுத்துவிட்டால் வரிசையில் முதலில் நிற்பவனுக்கும் கடைசியில் நிற்பவனுக்கும் உள்ள பேதம் குறையும். மார்ச்சு மாதத்து வெயிலில் சிமெண்டுத் தளம் காயும் முற்றத்தைத் தவிர்த்து, நிழலான தாழ்வாரத்தில் பாய் விரித்துச் சோதிப்பது இரக்கம் மட்டுமன்று. தொடை சுடுகிற பிள்ளை அசையாமல் உட்கார மாட்டாள்.

காலணியும் காலுறையும் கழற்றப்பட வேண்டும். உள்ளங்கால் முழுதும் முகப்பில் பதிந்திருக்க வேண்டும். பாதத்தின் ஒரு பகுதி மட்டும் ஒட்டியிருந்தால் கணுக்காலின் நிலை மாறி எண்ணும் மாறிவிடும். சோதிப்பவர் பிள்ளைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை இலேசாக வைத்திருக்கட்டும். அது அழுத்துவதற்கன்று, முழங்கால் எழுவதை உணர்வதற்கு. சுடிதார் அணிந்த பெண்பிள்ளைகளின் முழங்கால் அரை அங்குலம் எழுவது துணிக்குள் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அந்தக் கை இன்னொரு மாணவியின் கையாக இருப்பது முறை.

கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவிரல் நுனிகள் சமமாக இருக்கவேண்டும். ஒரு கை மட்டும் முந்திச் செல்லும்போது முதுகு திரும்பி ஒரு தோள் முன்னே வருவதால், அந்த எண் செல்லாது. எல்லாவற்றிலும் அதிகம் நேரும் பிழை உந்திக் குனிவது. இழுத்து இழுத்துக் குதிப்பதுபோல் குனிந்து ஒரு கணம் 27-ஐத் தொட்டுத் திரும்பும் பிள்ளை உண்மையில் 24-இல்தான் நிற்க முடியும். தள்ளுகோல் வைத்த பெட்டியானால் அந்த உந்தலில் கோல் மேலும் வழுக்கி ஓடிவிடும். ஆகையால் மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாகச் சென்று, ஒன்றிரண்டு விநாடி அங்கேயே நிற்கும் இடத்தைத்தான் வாசிக்க வேண்டும். ஒத்திகையாக இரண்டு மூன்று முறை குனியவிட்டு, பிறகு இரண்டு முறை அளந்து, மேலான எண்ணைப் பதிவது ஒரு முறை. அமெரிக்க உடற்கல்விச் சங்கம் 1980-இல் வகுத்த சோதனையில் நான்காவது முறை எட்டும் இடமே கணக்கு. எதைக் கொண்டாலும் ஆண்டு முழுதும் அதையே கொள்ளவேண்டும்.

பயிலும் மாணாக்கருக்கு இதில் தேர்ச்சி வந்துவிட்டதா என்று அறியும் வழியும் பெட்டியிடமே இருக்கிறது. பத்துத் தோழர்களை ஒரு நாளும், இரண்டு நாள் கழித்து அதே வேளையிலும் அளந்து, இரண்டாம் எண்ணிலிருந்து முதலெண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள். வித்தியாசங்கள் 1, 0, கழித்தல் 1, 2, 1, கழித்தல் 2, 0, 1, கழித்தல் 1, 1 என்று வந்தன என்று வைத்துக்கொண்டால், சராசரி 0.2, ஆகவே இரண்டாம் நாளில் எல்லாரும் ஒருமுகமாக ஏறிவிடவில்லை. திட்டவிலக்கம் ஏறத்தாழ 1.2. அதன் இருமடங்கான ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒரு பிள்ளையின் எண் ஏறினாலும் இறங்கினாலும், அந்தச் சோதகரின் கையில் அது மாற்றம் என்று சொல்லத்தக்கதன்று. உந்திக் குனிய விட்டவரும் முழங்காலைக் கவனியாதவரும் இதே கணக்கைப் போட்டால் அந்த இரண்டரை ஐந்தாகவோ ஆறாகவோ பெருகி நிற்பதைக் காண்பார்கள்; குறை எங்கே என்று வேறொருவர் சொல்லவேண்டியதில்லை.

அந்த இரண்டரை சென்டிமீட்டர் வரம்பைத் தாண்டி எண் ஏறினாலும் தசை நீண்டுவிட்டது என்று உடனே எழுதிவிடலாகாது. நீட்டற் பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் கிட்டும் ஏற்றத்தின் பெரும்பங்கு, இழுக்கும்போது உண்டாகும் அசௌகரியத்தை உடம்பு பொறுத்துக்கொள்ளப் பழகுவதனால் வருவது. தசையின் இயல்பு அதற்குள் அதிகம் மாறியிராது. ஆகையால் ஏட்டில் முன்சொன்ன குறுங்காலனின் பெயருக்கு நேரே எழுத வேண்டியவை இவ்வளவே: தேதி, வேளை, பெட்டியில் பாதத்தின் கோடு 23, இரு முயற்சிகள் 24, 25, பாதத்திலிருந்து கூட்டல் 2, சுவர் இடைவெளி 22, இடுப்பு சாயவில்லை, சோதித்தவரின் கையொப்பம்.